தமிழ்க் காதும் சிங்கள எழுத்தும்: ஒரு குறிப்பில் பிழைகள் எங்கிருந்து வருகின்றன

இலங்கையில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் சிங்கள எழுத்துகளைப் படித்து முடித்த கையோடு, தன் காதில் விழுந்த பேச்சுச் சிங்களத்தில் நான்கு வரி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

අත මම කොලම්බ ගියා. ගංග ලඟ කටෙන් ලමයාට පොත්තක් ගත්තා. පොත්තෙ මිළ ගෙන එහුවා. කාම හොන්දෛ.

அவர் எழுத நினைத்தது இது:

අද මම කොළඹ ගියා. ගඟ ළඟ කඩෙන් ළමයාට පොතක් ගත්තා. පොතේ මිල ගැන ඇහුවා. කෑම හොඳයි.

"இன்று நான் கொழும்புக்குப் போனேன். ஆற்றுக்குப் பக்கத்துக் கடையில் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாங்கினேன். புத்தகத்தின் விலையைப் பற்றிக் கேட்டேன். சாப்பாடு நல்லது." இதுதான் பொருள். இந்த நான்கு வரிக்குள் பதினாறு இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது. திருத்துபவர் எல்லாவற்றையும் ஒரே சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால், எழுதியவர் அடுத்த குறிப்பிலும் அதே பிழைகளைத்தான் செய்வார். ஏனென்றால் இவை ஒரே வகைப் பிழைகள் அல்ல. சிலவற்றைக் காதால் திருத்தலாம். சிலவற்றுக்குக் காது எந்த உதவியும் செய்யாது, கண்ணால் பார்த்து மனதில் பதித்தே ஆகவேண்டும். மீதியெல்லாம் கை செய்த பிழைகள். தமிழர் சிங்களம் எழுதும்போது வரும் சிக்கலின் பெரும்பகுதி, காதை நம்பவேண்டிய இடத்தில் தமிழ் எழுத்துப் பழக்கத்தை நம்புவதும், எழுத்தை மனப்பாடம் செய்யவேண்டிய இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதும்தான்.

காது திருத்தக்கூடியவை

முதல் சொல்லையே பாருங்கள். அவர் எழுதியது අත, அதாவது கை. எழுத நினைத்தது අද, அதாவது இன்று. தமிழில் த ஒரே எழுத்து. சொல்லின் முதலில் வன்மையாகவும், இரு உயிர்களுக்கு நடுவே மென்மையாகவும் அதை ஒலிக்கிறோம். "அது" என்று சொல்லும்போது நம் வாயில் வருவது சிங்கள ද-வின் ஒலிதான். ஆனால் மனதில் அது த. த என்றால் ත. அதனால் கை தானாக ත எழுதிவிடுகிறது. கடைக்கும் இதே கதிதான். கடையை நாம் ட போட்டு எழுதி, ஒலிக்கும்போது மென்மையாக ஒலிக்கிறோம். அந்தப் பழக்கத்தில் කඩෙන් என்பது කටෙන් ஆகிவிடுகிறது. කට என்றால் வாய். பிள்ளைக்கு வாயிலிருந்து ஏதோ வாங்கியதாக வரி மாறிவிட்டது.

இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. පොත என்ற சொல்லில் நடுவில் வருவது வன்மையான ஒற்றை ත. தமிழில் இரு உயிர்களுக்கு நடுவே வல்லின எழுத்து வன்மையாக ஒலிக்க வேண்டுமானால் அது இரட்டித்தே வரவேண்டும்: பத்து, பாட்டு, பக்கம். ஆகவே வன்மையான ஒலியைக் கேட்டதும் தமிழ்க் காது அங்கே இல்லாத ஓர் ஒற்றைச் சேர்த்துக்கொள்கிறது. පොත්ත என்றும் சிங்களத்தில் ஒரு சொல் உண்டு. அதற்குத் தோல், பட்டை என்று பொருள். புத்தகம் வாங்கப் போனவர் தோல் வாங்கி வந்துவிட்டார். இந்த இரட்டிப்பு நம்மிடம் எவ்வளவு பழையது என்பதற்கு ஊர்ப்பெயர்களே சாட்சி. சிங்களத்தில் ஒற்றை ත-வோடு මාතලේ என்று இருப்பதைத் தமிழில் மாத்தளை என்கிறோம். කළුතර நமக்குக் களுத்துறை.

இதற்குப் பயிற்சி எளிது. ஒலியில் ஒன்று மட்டும் வேறுபடும் சொற்களைச் சோடி சோடியாக எடுத்து, இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு எழுத வேண்டும்: අත – අද, කහ – ගහ (மஞ்சள் – மரம்), පොත – පොත්ත, කට – කඩ. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் අද-வின் நடுவில் அதிர்வு தொடரும், අත-வில் ஒரு கணம் நிற்கும். தமிழருக்கு இந்த ஒலிகள் புதியவை அல்ல. இரண்டையும் நாளெல்லாம் ஒலிக்கிறோம். அவற்றுக்குத் தனித்தனி எழுத்து உண்டு என்பது மட்டுமே புதிது.

அடுத்தது සඤ්ඤක எழுத்துகள் எனப்படும் ඟ, ඬ, ඳ, ඹ. இவற்றில் மெல்லின ஒலி முழு மெய்யாக நிற்காது. அடுத்த எழுத்தோடு ஒட்டி மிகக் குறுகி ஒலிக்கும். தமிழில் இப்படி ஒன்று இல்லாததால் ගඟ என்பதைக் கங்கையின் ஞாபகத்தில் ගංග என்றும், කොළඹ என்பதைக் கொழும்பின் ஞாபகத்தில் කොලම්බ என்றும், හොඳ என்பதை හොන්ද என்றும் எழுதிவிடுகிறோம். இந்தக் குறிப்பில் அதனால் பொருள் கெடவில்லை, ஆனால் கெடும் இடங்கள் உண்டு. කඳ என்றால் அடிமரம், කන්ද என்றால் மலை. இங்கே நம் இலக்கணத்தில் இருக்கும் மாத்திரைக் கணக்கு நன்றாகக் கைகொடுக்கும். කන්ද சொல்லும்போது "கந்த" என்பதைப் போலவே நேரம் எடுக்கும்: குறில், ஒற்று, குறில். කඳ அப்படியல்ல, "கத" என்று இரண்டு குறில் சொல்லும் நேரத்துக்குள் முடிந்துவிடும், மூக்கொலி நடுவில் சற்றுத் தலைகாட்டிவிட்டுப் போகும். கையைத் தட்டி அளந்து பார்த்தால் அரை மாத்திரை கூடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, ඇ என்ற உயிர். இது தமிழில் இல்லை. அ-வுக்கும் எ-வுக்கும் நடுவே நிற்கும் ஒலி. நீண்டால் ඈ. இல்லாத ஒலியைக் காது பக்கத்தில் இருப்பதற்குத் தள்ளிவிடும். சில சொற்களில் எ பக்கம் தள்ளும், சிலவற்றில் அ பக்கம் தள்ளும். ஆங்கிலத்திலிருந்து வந்த ஒரே சொல்லைச் சிலர் பேங்க் என்றும் சிலர் பாங்க் என்றும் எழுதுவது இதே தடுமாற்றத்தால்தான். කෑගල්ල நமக்குக் கேகாலை ஆனது. කුරුණෑගල குருநாகல் ஆனது. இரண்டிலும் ෑ ஒன்றே, ஒன்றில் ஏ, மற்றதில் ஆ. நம் குறிப்பில் ගැන (பற்றி) என்பது ගෙන (எடுத்துக்கொண்டு) ஆகியிருக்கிறது, ඇහුවා என்பது එහුවා ஆகியிருக்கிறது, කෑම (உணவு) என்பது කාම (காமம்) ஆகியிருக்கிறது. கடைசிப் பிழையை எழுதியவர் தன் கண்ணாலேயே பார்த்துத் திருத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். கடிதத்தில் போனால் சங்கடம். ஒலியைப் பிடிக்க ஒரு வழி: "எ" என்று சொல்லத் தொடங்கி, நாக்கை அசைக்காமல் தாடையை மட்டும் "அ" அளவுக்குக் கீழே இறக்குங்கள். உதடு பக்கவாட்டில் விரிந்தே இருக்கட்டும். வருவது ඇ.

காது உதவாதவை

ලමයා என்பது ළමයා என்று இருக்க வேண்டும். ලඟ என்பது ළඟ. இங்கேதான் தமிழர் வீணாகக் களைத்துப்போகிறார்கள். ல, ள இரண்டையும் பிரித்து ஒலிக்கவும் கேட்கவும் தெரிந்தவர்கள் நாம். ஆகவே சிங்களவர் பேசும்போது காதைக் கூர்மையாக்கினால் ල எது ළ எது என்று தெரிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம். தெரியாது. இன்றைய சிங்களப் பேச்சில் ල-வும் ළ-வும் ஒரே ஒலி. න-வும் ණ-வும் ஒரே ஒலி. எழுத்து பழைய வேறுபாட்டைக் காத்து வைத்திருக்கிறது, வாய் அதை விட்டுவிட்டது. சிங்களப் பிள்ளைகளும் இதைப் பள்ளியில் சொல் சொல்லாகத்தான் படிக்கிறார்கள், பெரியவர்களும் அகராதியைப் புரட்டுகிறார்கள். ශ, ෂ இரண்டும் அப்படியே. ඛ, ඝ, ථ, ධ, ඵ, භ போன்ற மகாப்பிராண எழுத்துகளும் பேச்சில் ක, ග, ත, ද, ප, බ போலவே ஒலிக்கும்.

காது உதவாத இந்த இடத்தில் தமிழரிடம் வேறொரு உதவி இருக்கிறது: தமிழில் நாம் எழுதும் வடசொற்கள். காரணம், மரணம், குணம், கருணை, வர்ணம், புராணம், பிரமாணம் ஆகியவற்றை நாம் ண போட்டு எழுதுகிறோம். சிங்களத்திலும் කාරණය, මරණය, ගුණය, කරුණාව, වර්ණය, පුරාණ, ප්‍රමාණය என்று ණ-தான். தானம், ஆசனம், வசனம், நகரம் நமக்கு ன அல்லது ந. அவர்களுக்கு දානය, ආසනය, වචනය, නගරය. கணக்கு என்பதன் ண தெரிந்தவருக்கு ගණන என்பதில் முதலில் வருவது ණ என்பதும் நினைவில் நிற்கும். காலம், கலை, மாலை, பலம் என்று ல வரும் சொற்களுக்கு කාලය, කලාව, මාලාව, බලය. பாஷை, விஷம், வருஷம் என்று ஷ வந்தால் භාෂාව, විෂ, වර්ෂය என்று ෂ வரும்.

இந்த உதவிக்கு எல்லை உண்டு. அதைத் தெரியாமல் நம்பினால் புதுப் பிழைகள் முளைக்கும். வேளை நமக்கு ள, ஆனால் වේලාව, வெறும் ල. தமிழில் ச என்று இருந்தால் அது ශ, ස, ච மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்: சக்தி ශක්තිය, சபை සභාව, சந்திரன் චන්ද්‍ර. ஞானம் என்பதற்குச் சிங்களத்தில் சமஸ்கிருத வழி வந்த ඥානය, பாளி வழி வந்த ඤාණය இரண்டும் உண்டு. ஒன்றில் න, மற்றதில் ණ. மகாப்பிராணத்துக்குத் தமிழில் தடயமே இல்லை. භාෂාව என்பதில் භ வரும் என்பதை பாஷை சொல்லித்தராது.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுபவை ஊர்ப்பெயர்களும் இனப்பெயர்களும்தான். புகையிரத நிலையப் பலகைகளில் மூன்று மொழியிலும் பெயர் இருப்பதால், தமிழ் வரியைப் பார்த்துச் சிங்கள எழுத்தை ஊகிக்கும் பழக்கம் எளிதில் வந்துவிடும். களனி என்பதில் நமக்கு ள, ன. சிங்களத்தில் කැලණිය: ල, ණ. நேர் எதிர். பொலன்னறுவையில் நமக்கு ல. அவர்களுக்கு පොළොන්නරුව என்று ළ. மாத்தளையில் நமக்கு ள. මාතලේ என்பதில் ල. சிங்களம் என்று நாம் ள போடுகிறோம். அவர்கள் எழுதுவது සිංහල, ල. தமிழைக் குறிக்கும் දෙමළ என்ற சொல்லுக்கோ ළ. பலகையின் இரு வரிகளையும் தனித்தனியே படிப்பது நல்ல பயிற்சி. ஒன்றிலிருந்து மற்றதைக் கணிப்பது கெட்ட பழக்கம்.

வடமொழித் தொடர்பில்லாத அன்றாடச் சொற்களுக்குச் சிறு பட்டியலை மனதில் வைப்பதே வழி. சொல்லின் முதலில் ළ வருவது அரிது. அன்றாடத்தில் தேவைப்படுபவை ළමයා, ළඟ, ළිඳ (கிணறு), ළදරුවා (குழந்தை) என்ற சிலவே. மற்றபடி ලොකු, ලස්සන, ලියනවා, ලැබෙනවා எல்லாம் ල. நடுவில் ළ வருபவற்றில் அடிக்கடி எதிர்ப்படுபவை පුළුවන් (முடியும்), කොළ (இலை, பச்சை), ඉහළ (மேல்), පහළ (கீழ்), කළා (செய்தார்). கடைசிச் சொல்லில் கவனம் தேவை: කළ என்றால் செய்த, කල என்றால் காலம். அதேபோல මල பூ, මළ இறந்த.

நம் குறிப்பில் මිළ என்று எழுதியிருப்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். சரியானது මිල. இது தெரியாமை அல்ல. ළ என்று ஓர் எழுத்து இருக்கிறது, அதை விட்டுவிடுகிறோம் என்று யாரோ சொன்ன பிறகு வரும் பிழை. பயத்தில் எல்லா இடத்திலும் ළ போடத் தொடங்கிவிடுவார்கள். ஒருவரது குறிப்பில் ළමයා சரியாகவும் මිළ, සිංහළ பிழையாகவும் இருந்தால், அவருக்கு விதியை மறுபடி விளக்குவதில் பயனில்லை. ළ வரும் சொற்களின் பட்டியலைக் கொடுத்து, அதில் இல்லாததற்கெல்லாம் ල போடச் சொல்வதே பலன் தரும்.

கை செய்பவை

පොතේ என்பது පොත්තෙ ஆனதில் இரண்டு பிழை. இரட்டிப்பைப் பார்த்துவிட்டோம். மற்றது நீட்டல் குறி விடுபட்டது. இது ஏன் வருகிறது என்பதற்கு இரு மொழியின் குறிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எகர, ஒகரக் குறில்களில் வேறுபாடே இல்லை. தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும். சிங்களத்தில் கொம்புவவும் முன்னால்தான் நிற்கும்: தெ, තෙ. ஒகரத்துக்கு இரண்டிலும் கொம்பும் காலும்: தொ, තො. நெடிலில்தான் வழி பிரிகிறது. தமிழில் நீட்சி கொம்பிலேயே தெரியும்: ஒற்றைக் கொம்பு இரட்டைச் சுழியாகும், தே, தோ. சிங்களத்தில் கொம்புவ மாறவே மாறாது. நீட்சியைக் காட்டுவது ஹல் குறி, அதாவது நம் புள்ளிக்கு ஈடான குறி. ஏகாரத்தில் அது மெய்யெழுத்தின் மேல் வரும்: තේ. ஓகாரத்தில் அது பின்னால் நிற்கும் காலின் மேல் வரும்: තෝ.

இதிலிருந்து மூன்று பிழைகள் பிறக்கின்றன. நீட்சி கொம்பிலேயே இருக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஹல் குறியைப் போட மறந்து තෙ என்று நிறுத்திவிடுவார். குறி வேண்டும் என்று தெரிந்தும் இடம் தெரியாதவர் තෝ எழுதும்போது அதைக் காலின் மேல் போடாமல் மெய்யின் மேல் போடுவார். வாசிக்கும்போதோ, මේ என்பதில் ම் என்பதைப் பார்த்தவுடன் நம் கண்ணுக்கு அது புள்ளி வைத்த ம் ஆகத் தெரியும். எழுத்துக்கு முன் கொம்புவ இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஹல் குறிக்கு அர்த்தம் சொல்ல வேண்டும்: முன்னால் கொம்புவ இல்லையென்றால் அது ஒற்று, இருந்தால் நெடில்.

ஹல் குறிக்கு இரண்டு வடிவம் இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். ක්, ත්, න් போன்றவற்றில் எழுத்தின் மேல் கொடி போல ஏறி நிற்கும். ම්, ව්, බ්, ට් போன்றவற்றில் எழுத்தின் மேல்கோடு முடியும் இடத்திலிருந்தே வளைந்து செல்லும். கையெழுத்தில் ම-வுக்குக் கொடி போட்டால் வாசிப்பவர் தடுமாறுவார்.

உகரக் குறியான පාපිල්ල-விலும் இதே கதை. මු, පු, සු என்பவற்றில் எழுத்தின் அடியில் வளையும். කු, ගු, තු, භු, ශු என்பவற்றில் வேறு வடிவம் எடுத்து, எழுத்தின் அடிக்கோட்டின் தொடர்ச்சியாகக் கீழே இறங்கும். රු இரண்டிலும் சேராது. குறி அடியில் போகாமல் வலப்பக்கம் ஒட்டிக்கொள்ளும், பார்வைக்கு ැ என்ற குறியைப் போலவே இருக்கும். விலைப் பட்டியலில் தினமும் பார்க்கும் රු. என்ற ரூபாய்ச் சுருக்கத்தைப் புதியவர்கள் රැ என்று வாசிப்பது இதனால்தான். உண்மையான රැ-வுக்குத் தனி வடிவம் உண்டு. இரவைக் குறிக்கும் රෑ என்ற சொல்லில் அதன் நெடிலைப் பார்க்கலாம். கைப்பழக்கத்துக்கு කුරුල්ලා (பறவை) நல்ல சொல்: කු, රු என்ற இரு வேறு வடிவ உகரக் குறிகள் ஒரே சொல்லில் அடுத்தடுத்து வருகின்றன.

හොන්දෛ என்பதில் கடைசி எழுத்து தமிழ்க் கையின் வேலை. தமிழில் ஐ ஒலி கேட்டால் ை போடுவோம். சிங்களத்தில் ෛ என்ற இரட்டைக் கொம்புவ இருந்தாலும் அது භෛරව, දෛවය போன்ற வடசொற்களுக்கே உரியது. "நல்லது", "பெரிது" என்று முடிக்கும் பயனிலை ஈறு எப்போதும் යි: හොඳයි, ලොකුයි, ලස්සනයි.

தொலைபேசியிலும் கணினியிலும் தட்டும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. யூனிகோடில் கொம்புவ கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், சேமிப்பில் மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் இருக்கும். தமிழிலும் அப்படியே. ஆகவே தொலைபேசியில் தமிழ் தட்டிப் பழகியவர் மெய்யை முதலில் தட்டி, குறியைப் பிறகு தட்டினால் போதும். பழைய தட்டச்சு முறையைப் பின்பற்றும் விஜேசேகர விசைப்பலகையில் கொம்புவவை முதலில் தட்ட வேண்டும். மென்பொருள் அதைப் பிடித்து வைத்துச் சரியான இடத்தில் சேர்க்கும். மற்ற விசைப்பலகைகளில் கொம்புவவை முதலில் தட்டினால் அது முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்: ගමේ எழுத நினைத்தவருக்கு ගෙම් கிடைக்கும். சொல்லின் முதலில் அப்படித் தட்டினால் புள்ளி வட்டம் ஒன்று தோன்றும். புள்ளி வட்டம் தெரிந்தால் குறி இடம் மாறியிருக்கிறது என்று பொருள்.

மெய்யோடு ර, ය சேர்ந்து உருமாறும் இடங்களில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று தேவை. ශ්‍රී என்பதன் சரியான வரிசை இது:

```
U+0DC1  ශ
U+0DCA  ්
U+200D  (ZWJ)
U+0DBB  ර
U+0DD3  ී
```

நடுவில் உள்ள U+200D விடுபட்டால் ශ්රී என்று ஹல் குறியும் தனி ර-வும் பிரிந்து தெரியும். ප්‍රමාණය, කල්‍යාණ போன்றவற்றிலும் இப்படியே நேரும். பெரும்பாலான விசைப்பலகைகளில் ්‍ර, ්‍ය இரண்டுக்கும் தனி விசை இருக்கும். ් தட்டிப் பிறகு ර தட்டுவதற்குப் பதிலாக அந்த விசையைப் பயன்படுத்தினால் இணைப்புக் குறி தானாகவே சேர்ந்துவிடும். பிரிந்து தெரியும் சொல்லைத் திருத்தும்போது ර-வை மட்டும் அழித்தால் போதாது. ஹல் குறியையும் அழித்துவிட்டு, மெய்யெழுத்தின் பின்னாலிருந்து மறுபடி தட்ட வேண்டும்.